மேக்ஸ்வெல் சமனச்சுற்றில் ஒரு காயிலை அளப்பது எப்படி?

கையில் ஒரு காயில் இருக்கிறது. அதன் மின்தடையை மல்டிமீட்டர் சொல்லிவிடும், தூண்டலைச் சொல்லாது. எல்சிஆர் மீட்டர் இருந்தால் இரண்டும் திரையில் வந்துவிடும். அது இல்லாத இடத்தில் இரண்டு மின்தடைப் பெட்டிகள், ஒரு நல்ல கெபாசிட்டர், ஒரு ஹெட்போன் இவை போதும். ஊட்டியிலோ குன்னூரிலோ உள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும் பொருட்களை வைத்தே எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. மலைக் குளிரும் மூடுபனியும் இந்த அளவீட்டில் எங்கே கைவைக்கும் என்பதும் கூடவே வருகிறது.

மாறுதிசைச் சமனச்சுற்றுகள் பல உண்டு. முதன்முதலாகச் செய்பவருக்கு மேக்ஸ்வெல்–வீன் சுற்றுதான் ஏற்றது. தெரியாத தூண்டலை இன்னொரு தூண்டலோடு ஒப்பிடாமல் கெபாசிட்டரோடு ஒப்பிடுவதால், தரமான காயில் ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. சமன்பாட்டில் அதிர்வெண்ணும் வராது. அதனால் ஒலி மூலம் 1000 ஹெர்ட்ஸுக்குப் பதில் 1020 தந்தாலும் விடை மாறாது.

அளக்கப்போகும் காயில்

முதல் முறைக்கு இரும்பு உள்ளகம் இல்லாத காயிலையே எடுங்கள். காரணம் கடைசியில் வரும். வெளிவிட்டம் 50 மி.மீ. உள்ள பிவிசி குழாயில் 25 மி.மீ. அகலத்துக்கு 28 எண் இனாமல் செம்புக் கம்பியை 600 சுற்று சுற்றுங்கள். ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 60 சுற்று வீதம் பத்து அடுக்கு வரும். கம்பி 102 மீட்டர் வேண்டும், எடை 100 கிராம் அளவில் இருக்கும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கம்பியை எடைபோட்டுத்தான் தருவார்கள். 125 கிராம் கேட்டு வாங்கினால் போதும்.

28 எண் கம்பிக்கு 20 டிகிரியில் மீட்டருக்கு 0.155 ஓம். எனவே காயிலின் தடை 15.8 ஓம் அளவில் வர வேண்டும். வடிவத்தை வைத்து வீலர் சூத்திரப்படி கணக்கிட்டால் தூண்டல் 19.4 மில்லிஹென்றி வருகிறது. இந்த இரண்டையும் முன்கூட்டியே நோட்டில் எழுதி வையுங்கள். எந்த எண்ணுக்குப் பக்கத்தில் தேட வேண்டும் என்று தெரியாமல் சமநிலை தேடுவதுதான் புதியவர்களின் நேரத்தைத் தின்னும்.

சுற்றை அமைத்தல்

நான்கு முனைகளுக்கு A, B, C, D என்று பெயர் வையுங்கள். A–B கரத்தில் மின்தடைப் பெட்டி R1, அதற்கு இணையாகக் கெபாசிட்டர் C1. B–C கரத்தில் 100 ஓம் நிலையான தடை R2. C–D கரத்தில் நம் காயில். D–A கரத்தில் இரண்டாவது மின்தடைப் பெட்டி R3. ஒலி மூலம் A, C முனைகளில். ஹெட்போன் B, D முனைகளில். காயிலும் கெபாசிட்டரும் எதிரெதிர்க் கரங்களில் இருக்கின்றனவா என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கரங்களில் இருந்தால் எவ்வளவு திருகினாலும் சமநிலை வராது.

B–D இடையே மின்னழுத்தம் இல்லாமல் ஹெட்போன் அடங்கிப்போகும் நிலைதான் சமநிலை. அப்போது எதிரெதிர்க் கரங்களின் மின்னெதிர்ப்புகளைப் பெருக்கினால் இரு பக்கமும் சமமாக இருக்கும். அதிலிருந்து கிடைப்பது:

```
Rx + jωLx = R2·R3·(1/R1 + jωC1)

Rx = R2·R3 / R1
Lx = R2·R3·C1
```

ஒரே சமநிலையில் இரண்டு சமன்பாடுகள். ஆகவே திருக வேண்டிய கைப்பிடிகளும் இரண்டு. புத்தகங்களில் R1, C1 இரண்டையும் மாற்றச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஒன்று தடையை மட்டும் தொடும், மற்றது தூண்டலை மட்டும் தொடும். ஆனால் நுணுக்கமாக மாற்றக்கூடிய கெபாசிட்டர் பெட்டி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. அதனால் இங்கே C1 நிலையானது, R1-உம் R3-உம் மாறுபவை. இதற்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு: R3 இரண்டு சமன்பாடுகளிலும் வருகிறது. அதை எப்படிச் சமாளிப்பது என்பது சமநிலை தேடும் இடத்தில் வரும்.

C1-க்கு 0.22 மைக்ரோஃபாரட் எடுத்துக்கொள்வோம். அது பாலிப்ரொப்பிலீன் வகையாகத்தான் இருக்க வேண்டும். இந்தச் சுற்றில் பணம் செலவழிக்க வேண்டிய பொருள் இது ஒன்றுதான், கோவைக்கு இறங்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறையில் 0.22 என்று இருந்தாலும் உள்ளே 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். C1-இல் எத்தனை சதவீதப் பிழையோ அத்தனை சதவீதமும் அப்படியே Lx-க்குப் போகும். ஆகவே ஆய்வகத்தின் தரக் கெபாசிட்டரோடு ஒப்பிட்டு உண்மை மதிப்பை எழுதி வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 0.218 மைக்ரோஃபாரட்.

ஒலி மூலமும் காதும்

ஒலி மூலத்துக்கு, ஹெட்போன் துளை உள்ள ஒரு பழைய செல்போனே போதும். டோன் ஜெனரேட்டர் செயலியில் 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையை வைத்து, ஒலியளவை முழுதாகக் கூட்டுங்கள். சுற்று மொத்தமாக 540 ஓம் அளவுக்குச் சுமை தரும், செல்போன் அதைத் தாங்கும். சார்ஜரை மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

செல்போனைச் சொல்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. ஆய்வகத்து சிக்னல் ஜெனரேட்டரின் கறுப்பு முனை எர்த்தோடு இணைந்திருக்கும். ஆசிலாஸ்கோப்பின் கறுப்புக் கிளிப்பும் அப்படியே. ஜெனரேட்டரின் கறுப்பை C-இலும் ஸ்கோப்பின் கறுப்பை B-இலும் மாட்டினால், B–C இடையே உள்ள 100 ஓம் எர்த் வழியாக ஷார்ட் ஆகிவிடும். சுற்றைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், சமநிலை மட்டும் வராது. பேட்டரியில் ஓடும் ஒலி மூலத்துக்கு எர்த் கிடையாது என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஜெனரேட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், ஸ்கோப்பின் இரண்டு கறுப்புக் கிளிப்பையும் C-இல் மாட்டி, முதல் சேனலை B-இலும் இரண்டாவதை D-இலும் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டும் வசதியில் பாருங்கள்.

காதால் கேட்டுச் செய்வது இன்னும் இனிது. ஆனால் இன்றைய 32 ஓம் இயர்போனை நேரே B–D-இல் மாட்டினால் சமநிலைக்கு வெகு தொலைவிலேயே ஒலி அடங்கிப்போகும். எது சரியான இடம் என்று பிடிபடாது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் எல்எம்386 பெருக்கி ஒன்றை நடுவில் வையுங்கள். அதன் 1, 8 கால்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் போட்டால் பெருக்கம் 200 ஆகும். நுழைவில் ஒரு 10 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோல் அவசியம். தொடக்கத்தில் அதைக் குறைத்தே வையுங்கள், இல்லையென்றால் காது வலிக்கும்.

சமநிலை தேடுதல்

R1-ஐ 3000 ஓமில் வைத்துவிட்டு R3-ஐ மட்டும் திருகுங்கள். முதலில் நூறுகள், பிறகு பத்துகள். ஒலி குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் மிகக் குறைந்து, அப்புறம் மீண்டும் ஏறும். நம் காயிலுக்கு அந்த இடம் 866 ஓம் பக்கம். ஒலி முழுதாக அடங்காது, மெல்ல ஒலித்துக்கொண்டே இருக்கும். இது தவறில்லை, தடைப்பகுதி இன்னும் சமனாகவில்லை என்றுதான் பொருள்.

இப்போது R3-ஐத் தொடாமல் R1-ஐத் திருகுங்கள். 5540 பக்கத்தில் ஒலி நன்றாக இறங்கும். வால்யூமைக் கூட்டிவிட்டு மறுபடி R3-க்கு வாருங்கள். இப்போது அது 890-க்கு நகர்ந்திருக்கும். மறுபடி R1: 5690. இன்னொரு சுற்று போனாலும் இரண்டும் நகராது என்றால் சமநிலை வந்துவிட்டது.

R3-ஐ மாற்றும்போது தூண்டல் சமன்பாடும் தடைச் சமன்பாடும் சேர்ந்தே நகர்வதால்தான் இந்த மாற்றி மாற்றித் திருகல். எத்தனை சுற்று வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது காயிலின் Q மதிப்பு. 1000 ஹெர்ட்ஸில் நம் காயிலின் தூண்டல் எதிர்ப்பு 122 ஓம், தடை 15.64 ஓம், ஆக Q ஏறக்குறைய 8. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் மீதிப் பிழை நூற்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். இதே காயிலை 100 ஹெர்ட்ஸில் அளக்கப் பார்த்தால் Q ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். பிழை சுற்றுக்குப் பாதிகூடக் குறையாது, R1-உம் R3-உம் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே போகும். சமநிலை நழுவிக்கொண்டே போவதாகத் தோன்றினால் இணைப்பைச் சந்தேகப்படுவதற்கு முன் அதிர்வெண்ணைக் கூட்டிப் பாருங்கள்.

கடைசித் திருகலில் மிகக் குறைந்த ஒலியைத் தேடாதீர்கள். அந்த இடம் தட்டையாக இருக்கும், எது மிகக் குறைவு என்று காது தடுமாறும். குறைந்த இடத்துக்கு இருபுறமும் ஒரே அளவு ஒலி கேட்கும் இரண்டு மதிப்புகளைக் குறித்துக்கொண்டு நடுவை எடுங்கள். உதாரணமாக 5490-இலும் 5890-இலும் ஒரே ஒலி என்றால் 5690.

கணக்கு

```
R2 = 100 ஓம், R3 = 890 ஓம், R1 = 5690 ஓம்
C1 = 0.218 மைக்ரோஃபாரட்

Lx = 100 × 890 × 0.218 × 10^-6 = 0.0194 ஹென்றி
Rx = 100 × 890 / 5690 = 15.64 ஓம்
```

தூண்டல் 19.4 மில்லிஹென்றி. தடையில் இணைப்புக் கம்பிகளின் தடையும் சேர்ந்திருக்கிறது. காயிலுக்குப் போகும் இரு கம்பிகளின் நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்து மல்டிமீட்டரில் அளந்தால் 0.2 ஓம் போல வரும். மல்டிமீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையை அதிலிருந்து கழிக்க மறக்காதீர்கள். காயிலின் தடை 15.4 ஓம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. R3-இல் ஒரு ஓம் நகர்ந்தால் கேட்கும் மாற்றமும், R1-இல் 50 ஓமுக்குச் சற்றுக் கூடுதலாக நகர்ந்தால் கேட்கும் மாற்றமும் ஏறக்குறைய ஒன்றே. காயிலின் மின்னெதிர்ப்பில் தடையின் பங்கு எட்டில் ஒன்றுதான் என்பதால் இப்படி. ஆகவே தூண்டலை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காது பிரித்தறிந்தாலும், தடையை நூற்றில் ஒரு பங்குக்குத்தான் அறிய முடியும். ரெக்கார்ட் நோட்டில் 15.6415 என்று எழுதுவது வெறும் அலங்காரம்.

தடை ஏன் ஏமாற்றுகிறது

இந்த அளவீட்டில் தூண்டல் நம்பகமானது, தடைதான் ஆட்டம் காட்டும். முதல் காரணம் குளிர். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் மாறும். ஜனவரிக் காலையில் ஊட்டி ஆய்வகம் 14 டிகிரியில் இருக்க, பிற்பகலில் ஜன்னல் வெயில் விழுந்து 24 டிகிரி ஆனால், 15.4 ஓம் காயில் ஏறக்குறைய 16.1 ஓம் ஆகிவிடும். காலையில் 5690-இல் அடங்கிய ஒலி இப்போது 5470-இல் அடங்கும். R3 அதே 890-இல்தான் இருக்கும், ஏனென்றால் தூண்டல் சுற்றுகளின் வடிவத்தைச் சார்ந்தது, வெப்பம் அதை அசைப்பது மிகமிகக் கொஞ்சம். R1 மட்டும் நகர்ந்து R3 நகரவில்லை என்றால் காயில் சூடாகியிருக்கிறது என்று அறியுங்கள். காயிலின் பக்கத்திலேயே வெப்பமானியை வைத்து, விடையை 20 டிகிரிக்கு மாற்றி எழுதுங்கள்:

```
R20 = Rt / (1 + 0.00393·(t − 20))
    = 15.44 / (1 − 0.0236) = 15.8 ஓம்
```

கம்பியின் நீளத்திலிருந்து முதலில் கணக்கிட்ட 15.8-உம் இதுவும் பொருந்துகின்றன. சுற்றி முடித்த காயிலைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு உடனே அளக்காதீர்கள். மேசையில் ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

இரண்டாவது காரணம் கெபாசிட்டர். எந்தக் கெபாசிட்டரிலும் கொஞ்சம் ஆற்றல் இழப்பு உண்டு. அது C1-க்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு தடை இருப்பதற்குச் சமம். அந்தத் தடை R1-க்கும் இணைதான். அதனால் சமநிலைக்கு R1-ஐ உண்மையில் வேண்டியதைவிடக் கூட்டி வைப்பீர்கள், Rx குறைத்துக் காட்டும். இழப்புக் காரணி 0.005 உள்ள பாலியஸ்டர் கெபாசிட்டரை நம் சுற்றில் போட்டால், மறைந்திருக்கும் தடை 146 கிலோஓம். R1 5920-க்குப் போகும், Rx 15.0 ஓம் என்று காட்டும், அதாவது 4 சதவீதம் குறைவு. 0.02 உள்ள செராமிக் வகை என்றால் R1 6740-க்கு ஏறி Rx 13.2-க்கு இறங்கிவிடும். ஆனால் ஒலி இரண்டு தடவையும் அழகாக அடங்கும். சமநிலை கிடைத்ததாலேயே விடை சரி என்று ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பாலிப்ரொப்பிலீனில் இழப்பு 0.0005-க்கும் கீழே. மறைந்திருக்கும் தடை ஒரு மெகாஓமைத் தாண்டும், கவலை இல்லை.

மூன்றாவது, பனி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடுபனி ஆய்வகத்துக்குள்ளேயே வந்து உட்காரும். மரப்பலகையில் திருகிய முனைகளுக்கு இடையே ஈரம் படிந்தால் அதுவும் R1-க்கு இணையான தடைதான். ஒரு மெகாஓம் கசிவு அரை சதவீதத்துக்குச் சற்று மேலே பிழை தரும், 100 கிலோஓம் என்றால் 6 சதவீதத்தை நெருங்கும். சோதிப்பது எளிது. R1, C1 இரண்டையும் கழற்றிவிட்டு, மற்ற இணைப்புகளையும் எடுத்துவிட்டு, வெற்று முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரை 20 மெகாஓம் வரம்பில் வையுங்கள். ஏதாவது எண் காட்டினால் பலகையைத் துடைத்து, பல்பு வெளிச்சத்தில் காயவைத்துவிட்டுத் தொடருங்கள்.

இந்த இரண்டு பிழைகளையும் பிடிக்க ஒரே சோதனை போதும். அதே வெப்பநிலையில் மல்டிமீட்டரால் காயிலின் நேர்மின் தடையை அளந்து, சமனச்சுற்று சொன்னதோடு ஒப்பிடுங்கள். மாறுதிசையில் அளந்த தடை நேர்மின் தடைக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்கலாம், குறைய வழியே இல்லை. குறைந்தால் C1-இல் இழப்பு, அல்லது பலகையில் கசிவு.

ஒலி அடங்கவே மாட்டேன் என்றால்

செல்போனை நிறுத்திய பிறகும் ஹெட்போனில் தடித்த ரீங்காரம் கேட்டால், அது மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ். காயில் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை வாங்கிக்கொள்கிறது. காயிலை மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் ரீங்காரம் குறையும். அந்த நிலையிலேயே வைத்து அளக்கலாம்.

இரும்பு மேசையில் வைத்து அளந்தால் தூண்டல், தடை இரண்டுமே பொய் சொல்லும். அடியில் அலுமினியத் தகடு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் ஓடி, தூண்டலைக் குறைத்துத் தடையைக் கூட்டும். சமநிலை வந்த பிறகு காயிலை ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள். ஒலி மீண்டும் எழுந்தால் மேசைதான் குற்றவாளி. மர ஸ்டூலுக்கு மாற்றுங்கள்.

இனி இரும்பு உள்ளகம் உள்ள காயில்கள். மின்விசிறிச் சோக்கோ, காண்டாக்டர் காயிலோ வைத்துப் பார்த்தால் 1000 ஹெர்ட்ஸ் அடங்கிய பிறகும் மெல்லிய, உயர்ந்த சுருதியில் ஒரு ஒலி நின்றுகொண்டே இருக்கும். அது 3000 ஹெர்ட்ஸ், இரும்பின் காந்தமாக்கல் வளைகோட்டாகப் போவதால் காயிலே உண்டாக்குவது. மூலத்தில் இல்லாத அதிர்வெண்ணைச் சமன் செய்து அடக்க முடியாது. அந்த ஒலியைக் காதால் ஒதுக்கிவிட்டு, 1000 ஹெர்ட்ஸ் அடங்கும் இடத்தை மட்டும் பிடிக்க வேண்டும். அதோடு, காயிலில் ஓடும் மின்னோட்டம் மாறினால் அதன் தூண்டலும் மாறும். செல்போனின் ஒலியளவைப் பாதியாக்கிவிட்டு மறுபடி சமன் செய்து பாருங்கள். R3 நகர்ந்தால், அந்தக் காயிலுக்கு ஒரே ஒரு தூண்டல் மதிப்பு என்று எதுவும் இல்லை. எந்த மின்னழுத்தத்தில், எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்பதையும் விடையின் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

Q பத்தைத் தாண்டும் காயில்களுக்கு இந்தச் சுற்று ஒத்துவராது. R1-இன் மதிப்பு Q-வோடு சேர்ந்தே ஏறும். நம் கெபாசிட்டரை வைத்து Q நூறு உள்ள காயிலை அளக்க R1 73 கிலோஓம் வேண்டும், மேலே சொன்ன ஒரு மெகாஓம் கசிவே அங்கே 7 சதவீதப் பிழை தந்துவிடும். அதற்கு R1-ஐயும் C1-ஐயும் தொடராக இணைத்த ஹே சமனச்சுற்றுதான் சரி. அதன் சமன்பாட்டில் அதிர்வெண் வந்துவிடும் என்பதால், செல்போன் செயலி காட்டும் 1000 உண்மையிலேயே 1000-தானா என்பதை அங்கே முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.